மூன்றாம் குரலும் ஏழாம் குரலும்

திருப்பதி,
14-6-1955

சௌபாக்கியவதி தாட்சாயணிக்கு கோவர்த்தனன் ஆசிகள்.

இங்கு நானும் அம்மாவும் நலம். நீ விஜயபுரம் போய்ச் சேர்ந்த விவரத்தை உன் தகப்பனார் தணிகாசலம் மாமா கார்டு போட்டுத் தெரிவித்தார். மாமாவுக்கும் மற்றவர்களுக்கும் என் வணக்கம்.

உன்னை அனுப்பிவைத்தது கோபத்தினால் என்று நீ நினைக்க வேண்டாம். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதமும் நான் எத்தனை முறை பொறுமையாகச் சொல்லியிருப்பேன்? எங்கள் பள்ளிக்கூடத் தமிழாசிரியர்கள் மூன்று பேர் என் வீட்டுக்கு முதல் முறையாகச் சாப்பிட வந்திருக்கிறார்கள். நீ என்ன சொன்னாய்? "சாரு, நீங்க துன்னுங்க. நாங்க அப்பால துன்றோம். எங்க வூட்ல இருந்து மாங்கா வந்துக்கினு இருக்குது, அதையும் துன்னுட்டுப் போங்க." அவர்கள் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டு சிரித்ததை நீ கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். மறுநாள் ஓய்வறையில் ஒருவர் என்னைப் பார்த்து, "பண்டிதரே, அப்பால துன்னலாமா?" என்று கேட்டார்.

நான் மதுரையில் வளர்ந்தவன். தமிழைச் சோறாகத் தின்று வாழ்பவன். என் அம்மாவும் உன் தகப்பனாரும் ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள் என்பதால் இந்தச் சம்பந்தம் நடந்தது. நீ பள்ளி இறுதி வரை படித்தவள், எழுத்து முத்துப்போல இருக்கிறது. ஆனால் எழுத்தில் இருக்கும் தமிழ் வாயில் இல்லையே.

ஆகவே நீ கொஞ்ச காலம் அங்கேயே இரு. தினம் இரண்டு மணி நேரம் பாடப் புத்தகத்தை வாய்விட்டுப் படி. நாக்கு திருந்தியதும் எழுது. நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

உன் நலம் நாடும்,
கோவர்த்தனன்


விஜயபுரம்,
2-7-1955

மாமா அவர்களுக்குத் தாட்சாயணி வணக்கத்துடன் எழுதுவது.

நலம். தங்கள் நலமும் அத்தையின் நலமும் அறிய ஆவல். அத்தைக்குக் கால் வீக்கம் வடிந்ததா? இங்கே வேர்க்கடலை விதைத்திருக்கிறார்கள். மழைதான் ஏமாற்றுகிறது.

தங்கள் கடிதத்தை நைனாவிடம் படித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது, தெரியாமல் செய்துவிட்டேன். நைனா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "உன் வாயிக்கு இன்னாமா கொற? எங்களுக்கெல்லாம் நல்லாத்தான புரியுது?" என்றார். மறுநாளிலிருந்து என்னிடம் பேசும்போது ஒவ்வொரு வார்த்தையாக யோசித்து யோசித்துப் பேசுகிறார். தன் பேச்சு எனக்கு ஒட்டிக்கொண்டுவிடுமோ என்று பயப்படுகிறார் போலிருக்கிறது. அறுபது வயது மனிதர் சொந்த வீட்டில் பயந்து பயந்து வாயைத் திறப்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை மாமா.

வந்தவர்களுக்கு அன்று சோறு போதுமானதாக இருந்ததா, குழம்பு நன்றாக இருந்ததா என்று தாங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. மூன்று பேருமே இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அதை நான் கவனித்தேன்.

தினமும் வாய்விட்டுப் படிக்கிறேன். சீக்கிரம் வந்து அழைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள்,
தாட்சாயணி


திருப்பதி,
9-12-1956

சௌ. தாட்சாயணிக்கு,

ஆசிகள். நீ எழுதிய நாலைந்து கடிதங்களுக்குப் பதில் எழுத அவகாசமில்லாமல் போயிற்று. எல்லைக் குழு வேலை என்னை விழுங்கிக்கொண்டிருக்கிறது. நான் இப்போது குழுவின் செயலாளர். ஆந்திர-சென்னை எல்லைத் தகராறுக்கு மத்தியஸ்தர் வரப்போகிறார் அல்லவா? புத்தூர், நகரி, சத்தியவேடு என்று ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போடுகிறோம். போன வாரம் உங்கள் ஊருக்குப் பக்கத்தில்கூடப் பேசினேன். "இந்த மண்ணில் உழுபவன் தமிழில் உழுகிறான், அழுபவன் தமிழில் அழுகிறான், இவர்களைத் தமிழரல்ல என்று சொல்ல எவனுக்கு நா எழும்?" என்று கேட்டேன். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. நேரமில்லாததால் உன்னை வந்து பார்க்க முடியவில்லை.

நீ சித்தூரில் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்துவிட்டதாக அம்மாவுக்குத் தகவல் வந்தது. என்னைக் கேட்காமல் சேர்ந்தது தவறு. இந்தப் பேச்சோடு நீ வகுப்பில் நின்றால் ஐம்பது குழந்தைகளின் நாக்கும் கெடும். யோசித்துப் பார்.

நாக்கு எந்த மட்டில் இருக்கிறது என்று நீ எழுதவேயில்லை.

கோவர்த்தனன்


சித்தூர்,
20-8-1957

மாமா அவர்களுக்கு,

வணக்கம். நலம். அத்தைக்கு நான் அனுப்பிய பங்காருபாளையத்து மாம்பழம் கிடைத்ததா? கிடைத்திருந்தால் அவர்கள் ஒரு வரி எழுதச் சொல்லியிருப்பார்கள்.

பயிற்சிப் பள்ளிப் படிப்பு நன்றாகப் போகிறது. இங்கே நாகபூஷணம் என்று ஒரு விரிவுரையாளர் வந்திருக்கிறார். தெலுங்குக்காரர். பூனாவில் மொழியியல் வகுப்பு படித்தவர். முதல் நாள் வகுப்பில் அவர் ஒவ்வொருவரையும் எழுப்பிப் பேசச் சொன்னார். நான் எழுந்து, பயிற்சி எடுத்த தமிழில் பேசினேன். அவர் கேட்டுவிட்டு, "இது புத்தகம் பேசுதம்மா. நீங்க எப்ப பேசுவீங்க?" என்றார். சிரிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து நோட்டை எடுத்துத் திறந்து வைத்துக்கொண்டார். "எங்க தெலுங்கக் கேட்டா குண்டூர்க்காரங்க சிரிக்கிறாங்கம்மா. எனக்கு அது பழக்கம். நீங்க பேசுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றார். என் பேச்சை ஒருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து அவரோடு சேர்ந்து நானும் எழுதுகிறேன். அதில் ஒரு விஷயம் தங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் "வூடு" என்பதாகவும் அது கொச்சை என்பதாகவும் தாங்கள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறீர்கள். தாங்கள் வீட்டில் பேசும்போது "பெண்" என்பதில்லை, "பொண்ணு" என்பீர்கள். "பிள்ளை" என்பதில்லை, "புள்ள" என்பீர்கள். "பிடி" என்பதில்லை, "புடி." "பெட்டி" என்பதில்லை, "பொட்டி." இவற்றை வரிசையாக எழுதிப் பாருங்கள். முன்னால் இருப்பது ப, வ போல உதட்டில் பிறக்கும் எழுத்து. பின்னால் வருவது ட, ண, ள போல நாக்கை மடித்துச் சொல்லும் எழுத்து. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட இ, எ ஆகியவை உ, ஒ ஆகிவிடுகின்றன, உதடு குவிந்துவிடுகிறது. வீடு வூடாவதும் வேண்டும் வோணும் ஆவதும் இதே விதிதான். தாங்கள் அந்த விதியைப் பொண்ணில் கடைப்பிடிக்கிறீர்கள். நாங்கள் வூட்டிலும் கடைப்பிடிக்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

விதி இல்லாமல் நாக்கு போன போக்கில் பேசுகிறவர்களாக நாங்கள் இருந்தால், மீனை "மூன்" என்று சொல்ல வேண்டும், வீதியை "வூதி" என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒரு ஆளும் அப்படிச் சொல்வதில்லை. ஏனென்றால் ன-வுக்கும் த-வுக்கும் நாக்கு மடிவதில்லை. இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடமே போகாத என் நைனா பிசகாமல் செய்கிறார்.

"வந்துக்கினு" என்பதற்கும் தாங்கள் சிரிப்பீர்கள். வந்துகொண்டு என்பதில் உள்ள "கொண்டு" எங்கள் பக்கம் தேய்ந்து "கினு" ஆயிற்று, மதுரைப் பக்கம் தேய்ந்து "கிட்டு" ஆயிற்று. தாங்கள் "வந்துகிட்டு" என்கிறீர்கள். இரண்டும் ஒரு தாய் பெற்றவை. ஒன்று மட்டும் எப்படிக் கொச்சை?

"துன்னு" என்பது மட்டும் அந்த உதட்டு விதிக்குள் வரவில்லை. பின்னால் வரும் உகரம் முன்னால் இருக்கும் இகரத்தைத் தன் பக்கம் இழுத்திருக்கலாம் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியும் என்று எழுதக் கூடாது என்பார் நாகபூஷணம்.

இதையெல்லாம் சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி ஒரு கட்டுரையாக எழுத ஆசை. தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தாட்சாயணி


திருப்பதி,
11-9-1957

தாட்சாயணிக்கு,

உன் கடிதம் கண்டேன். நாக்கைத் திருத்தச் சொன்னால் அதற்கு விதி கண்டுபிடித்து அனுப்புகிறாய். நல்ல வேலை.

கேட்டுக்கொள். ஒலிகள் மாறுவது இயற்கைதான், சோம்பலும் இயற்கைதான். சோம்பல்பட்ட நாக்குத்தான் "கொண்டு" என்பதைக் "கினு" ஆக்குகிறது. பாதிப் பேச்சு தெலுங்கு வேறு. மதுரைத் தமிழ் வைகைக் கரையில் தலைமுறை தலைமுறையாகப் புலவர் பேசிய தமிழ். உங்கள் பேச்சோ சந்தைப் பேச்சு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க ஒரு தெலுங்கர் உனக்குச் சொல்லிக் கொடுக்கிறார், நீயும் நம்புகிறாய். கட்டுரை கிட்டுரை எழுதி என் பெயரைக் கெடுக்காதே.

இத்துடன் ஒரு தாள் இருக்கிறது. நீயாக விரும்பிப் பிறந்தகம் போனதாக அதில் எழுதியிருக்கிறது. கையெழுத்திட்டு அனுப்பு. ஊரில் பல பேச்சு நடக்கிறது, அம்மாவுக்கு மனக் கஷ்டமாக இருக்கிறது.

கோவர்த்தனன்


சித்தூர்,
30-9-1957

மாமா அவர்களுக்கு,

வணக்கம். தாளில் எழுதியிருப்பது உண்மையில்லை. கையெழுத்துப் போடவில்லை.

சோம்பல் என்றீர்கள். "கொண்டு"வைக் "கிட்டு" ஆக்கிய மதுரை நாக்கும் அதே சோம்பலில் படுத்திருந்ததா? தெலுங்குச் சொல் என்றீர்கள். தங்கள் பேச்சில் கச்சேரி, வக்கீல், பஸ், ஜன்னல் எல்லாம் எந்த ஊரிலிருந்து வந்தன? எந்த மொழியும் பக்கத்து வீட்டில் கடன் கேட்காமல் குடித்தனம் நடத்தியதில்லை. எழுதுவதற்கு ஒரு பொதுத் தமிழ் வேண்டும், எல்லோரும் அதைக் கற்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. அது வசதிக்காக நாம் செய்துகொண்ட ஏற்பாடு. அதை வைத்து ஆளை அளக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

கேட்பவர் சிரிக்கும்போது ஒலியைக் கேட்டுச் சிரிப்பதில்லை மாமா. அந்த ஒலி யாருடைய வாயிலிருந்து வருகிறது என்பதைக் கேட்டுச் சிரிக்கிறார். குண்டூர்க்காரர்களுக்குக் காசும் காகிதமும் பள்ளிக்கூடமும் முதலில் வந்ததால் அவர்கள் தெலுங்கு நல்ல தெலுங்கு ஆயிற்று. எங்களூர் ஆள் கலெக்டராக உட்கார்ந்து "வூடு" என்று சொன்னால், பத்து வருஷத்தில் தங்கள் பள்ளிக்கூடமும் "வூடு" என்றே சொல்லும்.

எல்லைக் கூட்டத்தில் நாங்கள் தமிழர். தங்கள் வீட்டுக் கூடத்தில் இல்லை. எது உண்மை என்று மத்தியஸ்தரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

இனி நான் தங்களுக்கு அடிக்கடி எழுத மாட்டேன்.

தாட்சாயணி


திருப்பதி,
22-2-1959

தாட்சாயணிக்கு,

நலம். ஒன்றரை வருஷமாக நீ எழுதவில்லை, நானும் எழுதவில்லை. சித்தூரில் உனக்கு வேலை கிடைத்திருப்பதாகக் கேள்வி. இருக்கட்டும். உன் வாதத்துக்கெல்லாம் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை இங்கே தமிழாசிரியர்கள் பன்னிரண்டு பேரை அழைத்து ஒரு சோதனை வைத்தார்கள். ஆசிரியர் பயிற்சிக்காக என்றார்கள். ஒலிப்பதிவு இயந்திரத்தில் எட்டுக் குரல்கள் போட்டார்கள். எல்லாக் குரலும் ஒரே சங்கதியைத்தான் சொல்கிறது, வடமாலபேட்டையில் பஸ்ஸில் யாரோ விட்டுவிட்டுப் போன பையை விசாரித்து உரியவரிடம் சேர்த்த கதை. ஒவ்வொரு குரலுக்கும் படிப்பு, அறிவு, நேர்மை, ஆசிரியர் வேலைக்குத் தகுதி என்று பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும். குறிப்பும் எழுதலாம். கீழே கையெழுத்தும் போட வேண்டும்.

மூன்றாவது ஒரு பெண் குரல். அடடா! என்ன உச்சரிப்பு, என்ன நிதானம்! நல்ல குடும்பத்தில், நல்ல ஆசிரியரிடம் வளர்ந்த பெண் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. நான்கிலும் ஒன்பது போட்டேன். "இப்படி ஒருத்தி வாய்த்தவன் பாக்கியசாலி" என்றுகூடக் குறிப்பில் எழுதத் தோன்றிற்று, எழுதவும் செய்தேன்.

ஏழாவது குரலும் பெண்தான். அசல் உங்கள் சந்தைப் பேச்சு. உன் ஞாபகம்தான் வந்தது. படிப்பு ஒன்று, அறிவு மூன்று, நேர்மை இரண்டு, தகுதி சைபர். குறிப்பில் என்ன எழுதினேன் தெரியுமா? "பையைத் திருப்பிக் கொடுத்தேன் என்கிறாள். பேச்சைக் கேட்டால் பையை எடுத்தவளே இவள்தான் போலிருக்கிறது." திங்கட்கிழமை ஓய்வறையில் இதைச் சொன்னேன், எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

நான் ஒருவன் மட்டும் இப்படிப் போடவில்லை. பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் மூன்றாவதுக்கு அதிகமாகவும் ஏழாவதுக்குக் குறைவாகவும் போட்டார்களாம். பதினோரு படித்தவர்களின் காது பொய் சொல்லுமா? இனியாவது புரிந்துகொள்.

கோவர்த்தனன்


சித்தூர்,
3-8-1959

மாமா அவர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரியில் வந்த கடிதத்துக்கு இப்போதுதான் பதில். கட்டுரை அச்சாகட்டும் என்று காத்திருந்தேன். சென்னை மாதப் பத்திரிகை ஒன்றில் வந்திருக்கிறது, ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். "பேச்சில் தாழ்ந்தது எது?" என்று தலைப்பு. தங்கள் பள்ளிக்கூட நூலகத்துக்கு ஒரு பிரதியும் எல்லைக் குழுவுக்கு ஒரு பிரதியும் நேராக அனுப்பிவிட்டேன். தங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

எட்டுக் குரல் என்று எண்ணினீர்கள். பேசியவர்கள் ஏழு பேர்.

மூன்றாம் குரல் நான். ஏழாம் குரலும் நான்தான்.

நாகபூஷணத்தோடு உட்கார்ந்து அந்தச் சோதனைக்கு ஏற்பாடு செய்தவளும் நான்தான். கதையின் வாக்கியங்களில் ஒன்றையும் மாற்றவில்லை. வேகமும் ஒன்று, ஏற்ற இறக்கமும் கூடியவரை ஒன்று. மூன்றாவதில் வீடு என்றேன், ஏழாவதில் வூடு என்றேன். மூன்றாவதில் "வந்துகொண்டிருந்தேன்" என்றேன், ஏழாவதில் "வந்துக்கினு இருந்தேன்." ஒரே பெண், ஒரே படிப்பு, ஒரே நேர்மை, திருப்பிக் கொடுத்த பையும் ஒன்றே. அந்தப் பையைத் திருப்பிக் கொடுத்தது நிஜமாக நடந்தது, கொடுத்ததும் நானே. நேர்மை ஒன்பதிலிருந்து இரண்டுக்கு இறங்கியது. ஒலியில் நேர்மை இருந்திருந்தால் அது எப்படி இறங்கும்? அந்த ஏழு மதிப்பெண்ணும் எங்கே போயிற்று என்பதுதான் கட்டுரை. அது பேசியவள் வாயிலிருந்து போகவில்லை, கேட்டவர் காதுக்குள் முன்பே இல்லாமல் இருந்தது. பதினோரு பேர் ஒன்றாகத் தப்புச் செய்தால் அது தப்பில்லை என்று ஆகிவிடாது. அந்தப் பதினோரு பேரும் ஒரே பள்ளிக்கூடச் சிரிப்பைக் கற்றவர்கள் என்று ஆகும். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போட்டவர் ஒருவர் இருக்கிறார். சத்தியவேட்டுக்காரர் சின்னப்பன். "கதை ஒண்ணுதான, மார்க் மட்டும் எப்படி ரெண்டாவும்?" என்று குறிப்பில் எழுதியிருக்கிறார்.

நடுவர்களின் பெயர் எதையும் போடவில்லை. எண் மட்டும் போட்டிருக்கிறோம். ஒன்பதாம் நடுவரின் குறிப்பு இரண்டும் அப்படியே அச்சாகியிருக்கின்றன. அவர் யார் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. ஓய்வறையில் அவரே அதைச் சொல்லிச் சிரித்திருக்காவிட்டால்.

ஆசிரியர் பெயர் எப்படிப் போடட்டும் என்று பத்திரிகையிலிருந்து கேட்டார்கள். சட்டப்படி எது என் பெயரோ அதையே போடச் சொன்னேன். தாட்சாயணி கோவர்த்தனன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதலில் எழுதும்போது தங்கள் உச்சரிப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். மதுரைப் பண்டிதர் ழ-வை உச்சரிப்பதில்லை, வாழைப்பழத்தை "வாளப்பளம்" என்கிறார், வாளை மீனும் வாழை மரமும் அவர் வாயில் ஒன்றாகிவிடுகின்றன என்று. நாகபூஷணம் படித்தார். "இது எதுக்கம்மா? அவர் செஞ்சதத்தான நீங்களும் செய்றீங்க?" என்றார். எனக்கு ரொம்பக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. நாங்கள் "வாயப்பயம்" என்போம், ழ-வை ய-வோடு சேர்த்துவிட்டோம். நீங்கள் ள-வோடு சேர்த்துவிட்டீர்கள். ஆளுக்கு ஒன்றைத் தொலைத்தோம், ஆளுக்கு ஒன்றை வைத்திருக்கிறோம். தங்கள் பளத்திலும் குறையில்லை. அந்தப் பத்தியைக் கட்டுரையில் அடித்துவிட்டேன். தங்களுக்காக மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன். கட்டுரையில் நியாயமாக இருந்தாயிற்று. கடிதத்தில் இருக்க எனக்கு மனமில்லை.

நாக்கு திருந்தியதும் எழுதச் சொன்னீர்கள். 1957 தீபாவளிக்கு முன்பே திருந்திவிட்டது மாமா. தங்கள் மதிப்பெண்ணுக்காகத்தான் சொல்லாமல் இருந்தேன்.

எட்டு மாதம் தங்களோடு இருந்தேன். இயந்திரத்திலிருந்து வந்தாலும் அது என் குரல். இரண்டு தடவை கேட்டும் தங்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

தாட்சாயணி


திருப்பதி,
17-11-1959

அன்புள்ள தாட்சாயணிக்கு,

எத்தனை கடிதம் எழுதிக் கிழித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

நீ நினைத்தது நடந்துவிட்டது. நான் வகுப்புக்குள் நுழைந்தால் பின் வரிசையிலிருந்து "இப்படி ஒருத்தி வாய்த்தவன் பாக்கியசாலி" என்று குரல் வருகிறது. ஓய்வறையில் அன்று சிரித்த அதே ஆட்கள் இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எல்லைக் குழுக் கூட்டத்தில் நகரிக்காரர் முனிரத்தினம் எழுந்து நின்று, "செயலாளரே, எங்க வூட்டுப் பொண்ண நீங்க வூட்ட விட்டு அனுப்பினது எதுக்குன்னு இந்தக் கூட்டத்துல சொல்லுங்க. அப்பால எங்களத் தமிழன்னு சொல்லலாம்" என்று கேட்டார். மறுநாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மாவோ, "அவ அனுப்பின மாம்பழத்துக்குப் பதில் எழுத நீதான வேணாம்னு சொன்ன?" என்று கேட்டாள்.

உன் கட்டுரையை நான்கு முறை படித்தேன். முதல் மூன்று முறையும் பிழை கண்டுபிடிக்கப் படித்தேன். நான்காம் முறைதான் கட்டுரையைப் படித்தேன். நீ எழுதியது சரி. வேறு என்ன சொல்ல?

வா தாட்சாயணி. வேலையை விட வேண்டாம், திருப்பதிக்கு மாற்றல் வாங்கலாம். நடந்ததெல்லாம் நடந்ததாக இருக்கட்டும். நம் வீட்டில் நீ உன் இஷ்டம்போலப் பேசு. நானும் பழகிக்கொள்கிறேன். வெளியார் யாராவது வந்திருக்கும்போது மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொண்டால் போதும், உனக்கு இப்போது அதுவும் நன்றாக வருகிறது.

கட்டுரைக்கு இரண்டாம் பகுதி எழுதுவதாகக் கேள்வி. என் கையெழுத்துள்ள அந்த மதிப்பெண் தாளை மட்டும் திருப்பி அனுப்பிவிடு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்புடன்,
கோவர்த்தனன்


சித்தூர்,
6-5-1960

மாமா அவர்களுக்குத் தாட்சாயணி எழுதுவது.

போன மாதத்தோடு எல்லைத் தீர்ப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. எங்கள் ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நைனா, "கோடு எங்க போட்டா இன்னாமா, கடல எங்கியும் போவல" என்கிறார். இப்போது என்னிடம் முன்போலவே பேசுகிறார்.

தங்கள் கடிதத்தை நானும் பல முறை படித்தேன். "நீ எழுதியது சரி" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அந்த ஒரு வரிக்காக நாலு வருஷம் காத்திருந்தேன். மூட்டை கட்டலாமா என்றுகூட ஒரு சாயங்காலம் முழுவதும் யோசித்தேன். பிறகு அடுத்த பத்தியையும் படித்தேன். வெளியார் வரும்போது மட்டும். தங்கள் வீட்டில் வெளியார் வராத நாள் எது மாமா? தங்களுக்குள்ளேயே ஒரு வெளியார் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தங்களைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பதாக எழுதினீர்கள். படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், நல்ல சந்தோஷம். ஒரு வாரம் இருந்தது. பிறகு குறைந்துபோயிற்று, ஆனாலும் தங்கள் மேல் இரக்கம் வரவில்லை. வர வேண்டும் என்று கமலம்மா சொல்கிறாள். அவள் என்னோடு பள்ளியில் வேலை செய்கிறவள், நல்லவள். எனக்கு வரவில்லை.

தாளைத் திருப்பி அனுப்ப முடியாது. அது ஆராய்ச்சிக் காகிதம், நாகபூஷணத்தின் பொறுப்பில் இருக்கிறது. இரண்டாம் பகுதியிலும் எண் மட்டும்தான் வரும். பயப்பட வேண்டாம்.

இரண்டு வருஷத்துக்கு மேல் கைவிட்ட கணவனிடமிருந்து பிரிந்து வாழ உரிமை கேட்கலாம் என்று புதுச் சட்டம் சொல்கிறதாம். இங்கே கோர்ட்டில் மனு கொடுத்துவிட்டேன். தங்களுக்கு நோட்டீஸ் வரும். கடிதங்களை வக்கீல் வெங்கடரமணனிடம் கொடுத்திருக்கிறேன். ஜூலை பதினொன்றாம் தேதி விசாரணை.

வக்கீல் என்னைக் கேட்டார், "கூண்டுல ஏறினா எப்படிம்மா பேசப்போறீங்க? மூணாம் குரலா, ஏழாம் குரலா? மூணாம் குரல்னா ஜட்ஜு மதிப்பாரு" என்று.

நான் சொன்னேன்: "எங்க வூட்ல எப்படிப் பேசுவனோ அப்படித்தான் சாரு பேசுவேன். எட்டு மாசம் இருந்தேன், இன்னின்ன சொன்னாரு, அனுப்பிட்டாருன்னு சொல்லுவேன். மதிக்கிறவரு மதிக்கட்டும்."

அன்று தாங்களும் வர வேண்டியிருக்கும். நான் பேசுவது தங்களுக்குப் புரியவில்லையென்றால் கோர்ட்டில் மொழிபெயர்த்துச் சொல்லத் துபாஷி உண்டு. கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தாட்சாயணி தணிகாசலம்